‘23 நாள்ல முடிச்சிடலாம் சார்!’ - செய்து பழகாத வேலைக்கு நாள் குறிப்பது எப்படி?

கனடாவில் இளநிலைப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருந்த 37 உளவியல் மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. “ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள்?” சராசரியாக 34 நாள் என்றார்கள். “எல்லாம் நல்லபடியா நடந்தா?” என்று கேட்டபோது 27 நாள். “எல்லாமே சொதப்பினா?” என்றதற்கு 49 நாள்.

உண்மையில் ஆனது சராசரியாக 55 நாளுக்கும் மேல். அதாவது, மோசமான நிலைக்கு என்று அவர்களே யோசித்துச் சொன்ன கணக்கையும் வேலை தாண்டிவிட்டது. ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய மூவரும் 1994-ல் வெளியிட்ட இந்த ஆய்வு, திட்டமிடல் பற்றிப் பேசுபவர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒன்று.

ஒரு வேலைக்கு ஒரே தேதி சொல்லாமல் நல்லது, வழக்கமானது, மோசமானது என மூன்று கணக்கு கேட்கும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. ஆனால் மூன்று எண்களை வாங்கிய பிறகு என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். நடுவில் இருப்பதை மட்டும் கூட்டி தேதி சொல்லிவிடுகிறார்கள். மற்ற இரண்டும் எக்செல் ஷீட்டில் சும்மா கிடக்கும்.

ஒரு ஆப், ஐந்து வேலை, 40 நாள்

ஓர் உதாரணம். வீட்டு உபயோகப் பொருட்கள் விற்கும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். அதன் ஆப்பில் இதுவரை கேஷ் ஆன் டெலிவரி மட்டும்தான். தீபாவளி விற்பனைக்குள் யுபிஐ, கார்டு எல்லாம் வர வேண்டும் என்கிறார் முதலாளி. விளம்பரம் தொடங்க இன்னும் 40 வேலை நாட்கள். நிறுவனத்தில் ஒரே ஒரு டெவலப்பர். அவர் பேமென்ட் கேட்வே வேலையை இதற்கு முன் தொட்டதில்லை.

வேலையை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று கணக்கு சொல்கிறார். முதல் எண் நல்லது, நடுவில் வழக்கமானது, கடைசி மோசமானது. எல்லாம் வேலை நாட்களில்:

- கேட்வே ஆவணங்களைப் படித்து, சோதனைத் தளத்தில் ஓட்டிப் பார்ப்பது: 2, 3, 10
- பணம் கட்டும் பகுதிக்குக் கோட் எழுதுவது: 4, 6, 14
- தோல்வியடைந்த பேமென்ட், ரீஃபண்ட்: 3, 5, 19
- தினசரி கணக்கு ஒத்துப்பார்க்கும் ரிப்போர்ட்: 2, 4, 12
- டெஸ்டிங், பிழை திருத்தம்: 3, 5, 13

மூன்றாவது வேலைக்கு ஏன் 19 நாள்? வாடிக்கையாளர் கணக்கில் பணம் போய்விடும், ஆப்பில் ‘தோல்வி’ என்று காட்டும். கேட்வேயிலிருந்து வர வேண்டிய தகவல் தாமதமாக வரும். சில நேரம் ஒரே தகவல் இரண்டு தடவை வரும். அதைக் கவனிக்காமல் எழுதினால் ஒரே பணத்துக்கு இரண்டு ஆர்டர் பதிவாகிவிடும். இதையெல்லாம் யோசித்துத்தான் அந்த 19.

மோசமான கணக்கு என்பது இப்படித்தான் வர வேண்டும், காரணத்தோடு. “சார், ஒரு சேஃப்டிக்கு ரெண்டு நாள் சேர்த்துக்கறேன்” என்று வரும் எண்ணுக்கு மதிப்பு குறைவு. ஒரு வேலைக்கு 4, 5, 6 என்று அழகாகச் சமச்சீராக எண்கள் வந்தால் சந்தேகப்படலாம். பெரும்பாலும் அவர் 5 என்பதை மட்டும்தான் யோசித்திருப்பார். மற்ற இரண்டும் ஒன்றைக் கூட்டி, ஒன்றைக் கழித்து வந்தவை. அதனால்தான் அனுபவசாலிகள் மோசமான கணக்கை முதலில் கேட்பார்கள். ‘வழக்கமா 5 நாள்’ என்று வாயில் வந்துவிட்டால், மற்ற எண்கள் அதைச் சுற்றியே ஒட்டிக்கொள்ளும்.

கூட்டினால் வரும் மூன்று தவறான பதில்கள்

ஐந்து வேலைகளின் வழக்கமான கணக்கைக் கூட்டினால் 23 நாள். நல்ல கணக்குகளைக் கூட்டினால் 14. மோசமானவற்றைக் கூட்டினால் 68. பெரும்பாலான இடங்களில் முதலாளிக்குப் போவது அந்த 23-தான். “23 நாள்ல முடிச்சிடலாம் சார். 40 நாள் இருக்கே, கவலையே இல்ல.”

68-ஐ ஒதுக்கிவிடலாம். ஒவ்வொரு வேலையும் மோசமான எல்லைக்குப் போவது நூற்றில் ஒரு தடவை என்றால், ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஐந்தும் ஒரே நேரத்தில் அங்கே போவது ஆயிரம் கோடியில் ஒரு தடவை. அதே காரணத்தால் 14-ம் கனவுதான்.

ஆனால் 23 ஏன் தவறு? அது நடு எண்தானே என்று தோன்றும். இங்கேதான் விஷயம் இருக்கிறது. 40 நிமிடத்தில் அலுவலகம் போகிறவர், ரோடு காலியாக இருந்தால் 30 நிமிடத்தில் போவார். மழை பெய்து சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் இரண்டு மணி நேரம் ஆகும். மிச்சமாவது பத்து நிமிடம், இழப்பது எண்பது நிமிடம். அவர் ஓராண்டு நேரத்தைக் குறித்துவைத்து சராசரி எடுத்தால், அது 40-க்கு மேலேதான் நிற்கும். வழக்கமாக ஆகும் நேரம் வேறு, சராசரியாக ஆகும் நேரம் வேறு.

புதிய வேலைகளும் அப்படித்தான். கோட் எழுதும் வேலை 6-லிருந்து குறைய இடம் 2 நாள்தான். கூட இடம் 8 நாள். ஐந்து வேலையிலும் இதே சாய்வு. நடு எண்ணைக் கூட்டும்போது ஒவ்வொன்றிலும் கொஞ்சம் விட்டுவிடுகிறோம். அது ஐந்து தடவை சேர்ந்துவிடுகிறது.

நீர்மூழ்கிக் கப்பலில் இருந்து வந்த கணக்கு

இதற்கான எளிய கணக்கு 1958-ல் வந்தது. அமெரிக்கக் கடற்படை, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் போலாரிஸ் ஏவுகணையை உருவாக்கிக்கொண்டிருந்த நேரம். ஆயிரக்கணக்கான வேலைகள். பலவற்றை உலகத்தில் யாருமே அதற்கு முன் செய்ததில்லை. அந்தத் திட்டத்தின் தனி அலுவலகமும், பூஸ் ஆலன் ஹாமில்டன் ஆலோசனை நிறுவனமும், லாக்ஹீட் நிறுவனமும் சேர்ந்து ‘பெர்ட்’ என்ற முறையை வகுத்தன. ஒவ்வொரு வேலைக்கும் பொறியாளர்களிடம் மூன்று கணக்கு கேட்பது அதன் அடிப்படை.

சராசரிக்கு: நல்லதுடன் வழக்கமானதை நான்கு மடங்காகவும் மோசமானதையும் சேர்த்து, ஆறால் வகுக்க வேண்டும். கோட் எழுதும் வேலைக்கு 4 + 24 + 14 = 42. ஆறால் வகுத்தால் 7 நாள். வழக்கமான 6-ஐ விட ஒரு நாள் கூட.

எவ்வளவு ஆட்டம் இருக்கும் என்பதற்கு: மோசமானதிலிருந்து நல்லதைக் கழித்து ஆறால் வகுக்க வேண்டும். 14 - 4 = 10. ஆறால் வகுத்தால் 1.67 நாள். பள்ளியில் ‘திட்ட விலக்கம்’ என்று படித்தோமே, அதன் உத்தேச மதிப்பு இது. இரண்டு ஓரங்களுக்கும் நடுவில் சுமார் ஆறு திட்ட விலக்கம் இருக்கும் என்ற வசதியான அனுமானத்திலிருந்து அந்த ஆறு வந்தது. இது இயற்கை விதியெல்லாம் இல்லை. கையால் கணக்குப் போட்ட காலத்தில் சீக்கிரம் விடை வர வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு.

இப்போது மொத்தத் திட்டம். சராசரிகளை அப்படியே கூட்டலாம்: 4 + 7 + 7 + 5 + 6 = 29 நாள். திட்ட விலக்கங்களை அப்படிக் கூட்டக் கூடாது. ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கி, கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். ஒரு வேலை தாமதமானால் இன்னொன்று சீக்கிரம் முடிந்து கொஞ்சம் ஈடுகட்டும் என்பதே இதன் பொருள். இங்கே விடை சுமார் 4.15 நாள்.

ஷீட்டில் B, C, D என்ற வரிசைகளில் மூன்று கணக்கும் 2 முதல் 6 வரையிலான வரிகளில் இருந்தால், முதல் இரண்டு சூத்திரங்களை E2, F2-இல் எழுதி கீழே இழுக்க வேண்டும். மூன்றாவது F7-இல், கடைசியானது எங்கே வேண்டுமானாலும்:

```
=(B2+4*C2+D2)/6
=(D2-B2)/6
=SQRT(SUMSQ(F2:F6))
=SUM(E2:E6)+0.84*F7
```

கடைசி வரியில் உள்ள 0.84, பத்தில் எட்டு தடவை முடிந்துவிடும் நாளைத் தரும். இந்த உதாரணத்தில் 32.5, அதாவது 33-வது நாள். 29 என்பது ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. முதலில் சொன்ன 23 நாள்? அதற்குள் முடிய நூற்றில் ஏழு வாய்ப்புதான். ‘கவலையே இல்ல’ என்று சொல்லப்பட்ட தேதி அது.

ஒரே காரணம் எல்லாவற்றையும் இழுத்தால்?

ஈடுகட்டும் கணக்கு சரியாக வர ஒரு நிபந்தனை இருக்கிறது. வேலைகள் ஒன்றையொன்று பாதிக்கக் கூடாது. நம் உதாரணத்தில் அந்த நிபந்தனை நொண்டுகிறது. ஐந்து வேலையும் ஒரே ஆள். ஒரே கேட்வே. அந்த கேட்வேயின் ஆவணம் அரைகுறையாக இருந்தால் முதல் வேலை மட்டும் இழுக்காது. கோட், ரீஃபண்ட், டெஸ்டிங் எல்லாமே இழுக்கும். டெவலப்பருக்கு வைரல் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான்.

எல்லா வேலையும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கும் என்று வைத்தால் திட்ட விலக்கங்களை நேரடியாகவே கூட்ட வேண்டும். அப்போது 4.15 அல்ல, 9 நாள். பத்தில் எட்டு தடவை முடியும் தேதி 37-வது நாளுக்குப் போய்விடும். உண்மை இந்த 33-க்கும் 37-க்கும் நடுவில் எங்கோ இருக்கும். ஒரே ஆள், பழகாத வேலை என்றால் 37 பக்கம் சாய்வதுதான் நல்லது. பலரும் இந்த இடத்தில் வர்க்கமூலத்தை நம்பி ஏமாறுகிறார்கள். வேலையை இன்னும் சின்னச் சின்னதாக இருபதாகப் பிரித்தால் சூத்திரம் இன்னும் குறுகிய எல்லையைக் காட்டும். வேலை ஒன்றும் தெளிவாகியிருக்காது. பிரித்ததால் மட்டும் வந்த பொய் நம்பிக்கை அது.

இன்னொரு ஓட்டை மனிதர்களால் வருவது. 12 நாள் ஒதுக்கிய ரிப்போர்ட் 3 நாளில் முடிந்தால், “முடிஞ்சிருச்சு” என்று சொல்லி அடுத்ததைத் தொடங்குகிறவர் எத்தனை பேர்? மெருகேற்றுவதிலேயே மிச்ச நாள் போய்விடும். தாமதம் மட்டும் தப்பாமல் அடுத்த வேலைக்குப் போகும். சீக்கிரம் முடிந்தது கடத்தப்படாவிட்டால் ஈடுகட்டல் நடக்காது. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் கெடு வைக்காமல், மொத்தத் திட்டத்துக்கு மட்டும் ஒரு தேதி வைப்பதற்கு இதுதான் காரணம்.

இரண்டு பாதை சேரும் இடம்

கோட் தயாரானால் மட்டும் பணம் வந்துவிடாது. நிறுவனத்தின் பான், வங்கிக் கணக்கு விவரங்களைக் கொடுத்து, இணையப் பக்கத்தில் ரீஃபண்ட் விதிமுறையைப் போட்டு, கேட்வே நிறுவனத்தின் அனுமதி வாங்க வேண்டும். இது கோட் வேலைக்குப் பக்கத்திலேயே நடக்கும். ‘பக்கத்துலதானே ஓடுது, கணக்குல வராது’ என்று விட்டுவிடுவது வழக்கம்.

37-வது நாளுக்குள் கோட் முடிய பத்தில் எட்டு வாய்ப்பு. அனுமதி வரவும் பத்தில் எட்டு வாய்ப்பு என்று வைப்போம். இரண்டும் கையில் இருக்க 0.8-ஐ 0.8-ஆல் பெருக்க வேண்டும்: நூற்றில் 64. மூன்றாவதாக ஒரு பாதுகாப்புச் சோதனையும் இதேபோல் ஓடினால் நூற்றில் 51. மூன்று பேரும் தனித்தனியாக ‘அநேகமா முடிஞ்சிடும்’ என்கிறார்கள், சேர்த்துப் பார்த்தால் காசு சுண்டிப் போடுவதுதான். நீளமான ஒரே பாதையை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டது பெர்ட்டின் பழைய குறை. 1960-களிலேயே ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். இன்றைக்கு கம்ப்யூட்டரில் திட்டத்தை ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிப் பார்த்து இதைச் சரிசெய்கிறார்கள். சின்னத் திட்டத்துக்கு அவ்வளவு தேவையில்லை. சேரும் இடங்களைக் கண்டுபிடித்து பெருக்கிப் பார்த்தாலே போதும்.

‘மோசமானது’ போதுமான அளவு மோசமா?

இனி அந்தக் கனடா மாணவர்களிடம் திரும்பலாம். சூத்திரம் எவ்வளவு சரியாக இருந்தாலும், உள்ளே போகும் 19 உண்மையில் 30-ஆக இருக்க வேண்டும் என்றால் விடையும் பிசகும். ஹார்வர்டில் மார்க் ஆல்பர்ட், ஹோவர்ட் ரைஃபா இருவரும் நடத்திய சோதனைகளில், 98 சதவீதம் சரியாக இருக்கும்படி எல்லைகளைச் சொல்லுங்கள் என்று மாணவர்களிடம் கேட்டார்கள். நூற்றில் இரண்டு தவறலாம். தவறியது 40-க்கும் மேல். மனிதர்கள் சொல்லும் எல்லை இயல்பாகவே குறுகலானது.

எனவே ‘மோசமானது’ என்று டெவலப்பர் சொல்வது நூற்றில் ஒன்று என்பதைவிட, பெரும்பாலும் பத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். நல்லதும் அப்படியே. அப்படியானால் ஆறால் வகுப்பது தவறு, சுமார் 2.6-ஆல் வகுக்க வேண்டும். ஆட்டம் இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். எதை வைத்து முடிவு செய்வது? பழைய வேலைகளின் பதிவு இருந்தால் விடை அதிலேயே இருக்கிறது. கடைசி இருபது வேலையில் எத்தனை, சொன்ன மோசமான நாளைத் தாண்டியது என்று எண்ணிப் பார்க்கலாம். ஒன்றுகூட இல்லையென்றால் சரி. மூன்று நான்கு இருந்தால் ஆறு செல்லாது.

பதிவே இல்லாவிட்டால், வேலையின் ஒரு துண்டைச் செய்து பார்ப்பதுதான் வழி.

நம் உதாரணத்தில் முதல் வேலை அதற்கே இருக்கிறது. சோதனைத் தளத்தில் ஒரு ரூபாய் பேமென்ட் ஓட்டிப் பார்க்க 3 நாள் என்று நினைத்தது, 8 நாள் ஆகிவிட்டது என்று வைப்போம். சராசரி 4-ஆக இருந்ததால் ‘நாலு நாள் லேட்’ என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் கேட்க வேண்டியது ‘ஏன்’. கேட்வேயின் ஆவணம் பழைய பதிப்புக்கு எழுதப்பட்டது என்கிறார் டெவலப்பர். அதே ஆவணத்தை வைத்துத்தான் கோட் வேலையும் ரீஃபண்ட் வேலையும். ஆகவே அவற்றின் எண்களும் மாறுகின்றன: 6, 9, 18 மற்றும் 4, 8, 24. இரண்டுக்கும் சராசரி பத்துப் பத்து நாள். ரிப்போர்ட்டும் டெஸ்டிங்கும் பழையபடி. போன 8 நாளையும் சேர்த்து மொத்தச் சராசரி 39. பத்தில் எட்டு வாய்ப்புக்கு 43-வது நாள்.

விளம்பரம் தொடங்குவதோ 40-வது நாள்.

வெறும் 23-ஐ நம்பியிருந்தால், இன்னும் 15 நாள்தான் என்ற நினைப்பில் இருந்திருப்பார்கள். 35-வது நாளில்தான் விழித்திருப்பார்கள். இப்போது தெரிவது எட்டாவது நாளில். பேச இடம் இருக்கிறது.

“ரிப்போர்ட்ட தீபாவளிக்கு அப்புறம் வச்சுக்கலாமா சார்? அதுவரைக்கும் அக்கவுண்ட்ஸ்ல கையால ஒத்துப்பாத்துக்கட்டும்.”

கேட்வே தன் கட்டணத்தையும் அதற்கான ஜிஎஸ்டியையும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் வங்கியில் போடும். எனவே தினமும் ஆர்டர் தொகையும் வங்கியில் வந்த தொகையும் ஒத்துப்போகாது. கணக்காளருக்கு தினம் ஒரு மணி நேரம் கூடுதல் வேலை. முதலாளி யோசித்துவிட்டு சரி என்கிறார். ஐந்து நாள் குறைகிறது. சராசரி 34, பத்தில் எட்டுக்கு 38-வது நாள்.

ஷீட்டில் அந்த 38-க்குப் பக்கத்தில் டெவலப்பர் ஒரு குறிப்பு எழுதுகிறார்: ‘அனுமதி இன்னும் வரல. ரீஃபண்ட் பக்கத்துல ஏதோ கேள்வி கேட்டிருக்காங்க. இந்த 38-ல அது சேரல.’